உடன் வேலை செய்பவரின் எண் குரூப்பில் போய்விட்டால்: முதல் அரை மணி நேரத்திலிருந்து காவல் நிலையம் வரை

எங்கள் அலுவலகத்தில் செக்யூரிட்டி மேசைக்குப் பின்னால் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தது. முப்பத்து நாலு பேரின் பெயர், சொந்த கைபேசி எண், வீட்டுத் தெரு, பிறந்த தேதி, ரத்த வகை, அவசரம் என்றால் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம். இரண்டு வருடமாக அது அங்கேதான் இருந்தது. அதைத் தினமும் கடந்து போன எங்களில் ஒருவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழேகாலுக்கு விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர் அந்தத் தாளைப் படம் எடுத்து டீலர்கள் குரூப்பில் போட்டார். நூற்றெண்பது பேர் இருக்கும் குரூப். படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்கூடத் தெரிந்தது. கீழே ஒரு வரி: "பேமென்ட் விஷயமா இந்த மேடத்துக்கே கூப்பிடுங்க." அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண்ணின் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம்.

ஒன்பதரைக்கு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, பதினோரு கால் வந்துருச்சுங்க. நாலு பேர் பணம் எப்பன்னு கேட்டாங்க. மத்தவங்க வேற என்னமோ பேசறாங்க."

அதற்கப்புறம் மூன்று வாரம் நாங்கள் செய்ததில் சரியாக அமைந்ததும் உண்டு, சொதப்பியதும் உண்டு. இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்த மாதிரி விவகாரம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

முதலில் யாரிடம் பேசுவது

குரூப்பில் படத்தைப் பார்த்ததும் அங்கேயே பொங்கி எழத் தோன்றும். வேண்டாம். யாருடைய எண்ணோ அவரைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். கால் வர ஆரம்பித்துவிட்டதா, படத்தில் இருக்கும் முகவரி இப்போதும் அவர் குடியிருக்கும் வீடுதானா, இதை யாருக்கெல்லாம் சொல்லலாம். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எங்கள் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. விஷயம் அப்பா காதுக்குப் போனால் வேலையை விடச் சொல்லிவிடுவார் என்பதுதான் அவளுடைய முதல் பயம். நான் பாட்டுக்கு அவசர எண்ணில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டிருந்தால், கால் பண்ணிய ஆட்களைவிட நான்தான் அவளுக்கு அதிகத் தொல்லை கொடுத்தவளாக ஆகியிருப்பேன்.

யாராவது வீட்டுக்கு வருவதாக மிரட்டியிருந்தால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அப்போது நேரே 112.

அழிப்பதற்கு முன் பத்து நிமிடம்

படம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் ஒருவர் பார்க்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அழித்த பிறகு யார் போட்டார், எப்போது போட்டார் என்று காட்ட எதுவும் இருக்காது. பத்து நிமிடம் போதும். அதற்குள் எடுக்க வேண்டியவை இவை.

படமும் அதற்குக் கீழே இருந்த வரியும் தேதி, நேரத்தோடு தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட். அடுத்தது அனுப்பியவரின் பெயரைத் தொட்டு உள்ளே போய் அவருடைய எண் தெரியும் பக்கத்தை இன்னொரு ஸ்கிரீன்ஷாட். இதை விட்டுவிட்டால் உங்கள் போனில் "சேல்ஸ் தம்பி" என்று பதிந்து வைத்த பெயர் மட்டுமே படத்தில் இருக்கும். காவல் நிலையத்தில் அதை நீட்டினால், "சேல்ஸ் தம்பின்னா யாரும்மா?" என்றுதான் கேட்பார்கள். பிறகு குரூப்பின் பெயர், எத்தனை உறுப்பினர்கள், யார் அட்மின் என்று காட்டும் பக்கம்.

முடிந்தால் அந்த உரையாடலை முழுதாக வெளியே எடுத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளியைத் தொட்டு More, அதில் Export chat, கேட்கும்போது Include media. படங்களோடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பும் வரும். அதில் நமக்கு வேண்டிய வரி இப்படி இருக்கும்:

```
14/03/25, 7:14 pm - Sales Thambi: IMG-20250314-WA0031.jpg (file attached)
```

கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதைக் கவனியுங்கள். அழித்த பிறகு இதே இடத்தில் செய்தி அழிக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் மிஞ்சும். அதனால்தான் முதலில் இது, அப்புறம் அழிப்பு.

இன்னொன்று இருக்கிறது. அதை எடுக்க அனுப்பியவரால் மட்டுமே முடியும். அவர் தன் போனில் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து Message info போனால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் பெயரோடு வரும். அவர் வேண்டுமென்றே செய்யாதவராக இருந்தால், அழிப்பதற்கு முன் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நூற்றெண்பது பேரில் நாற்பது பேர்தான் பார்த்தார்கள் என்று தெரிந்தால் பின்னால் தேடும் வேலை கால்வாசியாகிவிடும். பார்த்ததைக் காட்டாமல் அமைத்து வைத்திருப்பவர்களின் கதை எப்படி என்கிறீர்களா? அந்த அமைப்பு குரூப்பில் செல்லாது. குரூப்பில் பார்த்தால் பார்த்ததாகத்தான் காட்டும்.

அழிக்கும்போது நடக்கும் ஒரு தவறு

எங்களுக்கு இந்தப் பட்டியல் கிடைக்கவில்லை. காரணம் ஒரே ஒரு தவறான தொடுதல். நான் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய், "அக்கா, இருங்க, இப்பவே எடுத்துடறேன்" என்று Delete for me என்பதைத் தொட்டுவிட்டார். படம் அவர் போனிலிருந்து மட்டும் போனது. மற்ற நூற்றெழுபத்தொன்பது பேரிடமும் அப்படியே இருந்தது. அவர் கண்ணில் படாததால், எல்லோரிடமும் போய்விட்டது என்று நம்பினார். நானும் என் போனைத் திறந்து பார்க்காமல் நம்பினேன். இருபது நிமிடம் அப்படிப் போனது. செய்தியே அவர் போனில் இல்லாததால் Message info-வும் போனது, எல்லோருக்கும் அழிக்கும் வாய்ப்பும் போனது. தவறாகத் தொட்டதும் சில நொடிகளுக்கு Undo என்று கீழே வரும். பதற்றத்தில் அது யார் கண்ணில் படுகிறது?

தொட வேண்டியது Delete for everyone. அனுப்பியவருக்கு இதற்குச் சுமார் இரண்டரை நாள் அவகாசம் உண்டு. அவரால் முடியாவிட்டால் குரூப் அட்மின் எவரும் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து எல்லோருக்கும் அழிக்கலாம். பலருக்கு இது தெரியாது. எங்கள் குரூப்பில் மூன்று அட்மின்கள். ஒருவர் பேருந்தில் தூங்கிக்கொண்டு போனார், ஒருவர் எடுக்கவில்லை, மூன்றாமவர் பத்து மணிக்கு எடுத்து அழித்தார். அழித்த பிறகு உங்கள் போனிலும் சம்பந்தமில்லாத இன்னொருவர் போனிலும் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் அழித்தாலும் போகாதவை உண்டு. அதற்குள் வேறு குரூப்புக்கு ஃபார்வர்டு ஆனது போகாது. ஸ்கிரீன்ஷாட் போகாது. ஐபோனில் கேலரியில் தானாகச் சேமிக்கும்படி வைத்திருந்தால் அந்தப் படம் அங்கேயே இருக்கும். ஆகவே அழிப்பதால் புதிதாகப் பரவுவது குறையும். ஏற்கெனவே போனது போனதுதான்.

குரூப்பில் என்ன எழுதுவது

படம் போன பிறகுதான் எழுத வேண்டும், படம் இருக்கும்போது அல்ல. எங்கள் குரூப்பில் ஒரு டீலர், நல்ல மனதோடுதான், அந்தப் படத்துக்கே பதிலாக எழுதினார்: "லேடீஸ் நம்பரை எல்லாம் இப்படிப் போடலாமா? யாரும் அந்தப் பொண்ணுக்குக் கால் பண்ணி டிஸ்டர்ப் பண்ணாதீங்க." அந்தச் செய்தி வந்த பத்து நிமிடத்தில் அவளுக்கு இன்னும் ஐந்து கால். அதுவரை அது ஒரு அட்டவணை. அவர் எழுதிய பிறகு அது ஒரு பெண்ணின் எண் ஆகிவிட்டது.

நாங்கள் கடைசியில் போட்டது இது. அட்மின் பெயரில், ஒரே ஒரு தடவை:

> இன்று மாலை இந்தக் குரூப்பில் ஊழியர்களின் சொந்த விவரங்கள் தவறுதலாகப் பகிரப்பட்டன. நீக்கிவிட்டோம். யாராவது சேமித்திருந்தாலோ வேறு எங்காவது அனுப்பியிருந்தாலோ தயவுசெய்து அழித்துவிட்டு எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். பேமென்ட் சம்பந்தமாக அலுவலக எண்ணில் காலை 10 முதல் 6 வரை பேசலாம்.

பெயர் இல்லை, பெண் என்ற சொல் இல்லை, திட்டும் இல்லை. கடைசி வரி சும்மா மரியாதைக்குப் போட்டதல்ல. தம்பி அந்தப் படத்தைப் போட்டதே டீலர்கள் பணம் கேட்டு அவரை நச்சரித்ததால்தான். அந்தத் தேவைக்கு வேறு எண்ணைக் கொடுக்காமல் இதை மட்டும் மூடினால், அடுத்த வாரம் வேறொருவர் அதே எண்ணைத் தேடி எடுத்துப் போடுவார். மறுநாள் பேமென்ட் கேட்டு அவளுக்கு வந்த கால் ஒன்றுதான். மற்றவர்கள் அலுவலக எண்ணுக்கு மாறிவிட்டார்கள்.

"எனக்குத் தனியாக" என்பதையும் விட்டுவிடாதீர்கள். அன்றிரவே இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள், "மேடம், நான் லாரி குரூப்ல போட்டுட்டேன், எடுத்துடறேன்" என்று. பொதுவில் கேட்டிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

எங்கே போனது என்று கண்டுபிடிப்பது

இதற்குக் கருவி எதுவும் இல்லை. வரும் கால்களையே வைத்துத்தான் தேட வேண்டும். அழைப்பவரிடம் கோபப்படாமல் ஒரே கேள்வி: "இந்த நம்பர் உங்களுக்கு எங்க கிடைச்சுது?" பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் மூன்றாவது குரூப் ஒன்று தெரிந்தது.

அந்தக் குரூப்பில் இருந்த ஒருவரிடம் கேட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. தாள் முழுதாக இல்லை. கட்டைவிரல் இல்லை, மற்ற முப்பத்து மூன்று பேர் இல்லை. அவளுடைய ஒரு வரி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கீழே நான் இங்கே எழுத விரும்பாத ஒரு வாசகம்.

இந்த இடத்தில் விவகாரம் இரண்டாகப் பிரிகிறது. முழுத் தாளைப் போட்டவர் கவனக்குறைவானவர். அவருக்கு அலுவலகத்துக்குள் நடவடிக்கை போதும். ஒரு வரியை மட்டும் வெட்டி, வாசகம் சேர்த்து, வேறு இடத்தில் போட்டவர் வேண்டுமென்றே செய்தவர். அவர் விஷயத்தில் அலுவலகத்துக்குள் சமாதானம் பேசுவது வீண். ஆகவே படம் எங்கெங்கு கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஓரங்களைப் பாருங்கள். எது வெட்டப்பட்டிருக்கிறது, எது சேர்க்கப்பட்டிருக்கிறது, மேலே Forwarded என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறி இல்லாமல் வந்திருந்தால், அதை அங்கே போட்டவர் தன் போனிலிருந்து புதிதாக ஏற்றியிருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெட்டியவரும் அவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதே இரவில் எண்ணுக்கு உரியவரின் போனில் செய்ய வேண்டியவை

எல்லோரும் முதலில் சொல்வது, "நம்பரை மாத்திடு." கடைசியில் யோசிக்க வேண்டியதை முதலில் சொல்கிறார்கள். வங்கி, ஆதார், பி.எஃப்., கேஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கின்றன. விட்டுவிட்ட எண் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போகும். அதற்குள் எங்காவது ஓரிடத்தில் மாற்ற மறந்திருந்தால் நம் ஓடிபி அவருக்குப் போகும்.

அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் Settings போய் நான்கு இடத்தை மாற்றினால் பெரிய அளவில் அடங்கும். முதல் மூன்றும் Privacy-யில். Profile photo-வை My contacts ஆக்குங்கள். முன்பின் தெரியாதவர் எண்ணைச் சேமித்ததும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். Groups என்பதில் My contacts வையுங்கள், கண்ட குரூப்பில் இழுத்துப் போட முடியாது. Calls என்பதில் Silence unknown callers போட்டுவிடுங்கள். இதில் ஒரு வசதி, மணி அடிக்காதே தவிர யார் எப்போது கூப்பிட்டார் என்பது பட்டியலில் இருக்கும். நான்காவது Account-இல் Two-step verification. யாராவது அவருடைய எண்ணில் வாட்ஸ்அப்பைத் தன் போனில் ஏற்றப் பார்த்தாலும் அந்த ஆறு இலக்க எண் இல்லாமல் உடனே முடியாது. "தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்திருக்கும், சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சாதாரணக் கால்களுக்குப் போனிலேயே தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பில் பதிந்த எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம். எங்கள் பெண் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை அப்படி வைத்தாள்.

பிறந்த தேதியும் போயிருந்தால் இன்னொன்று. இணையத்தில் இறக்கும் ஆதார் பிடிஎஃப்-க்குக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த ஆண்டு. இரண்டுமே அந்தத் தாளில் இருந்தன. அவள் சேரும்போது ஆதார் பிடிஎஃப்-ஐ வாட்ஸ்அப்பில்தான் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள், எங்களில் பலரும் அப்படித்தான். அந்தக் கோப்பு யார் யார் போனில் கிடக்கிறது என்று தேடி அழிக்கவே ஒரு நாள் ஆனது. ஆதார் எண்ணே வெளியே போயிருந்தால், யுஐடிஏஐ தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள்.

தொடர்ந்து கூப்பிடுபவருக்கு ஒரே ஒரு பதில்

இந்தப் பகுதியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ளும் ஆணைப் பற்றியது. முதல் தடவைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அதில் "தெளிவாகக் காட்டிய பிறகும்" என்பதுதான் உயிர்நாடி. பயந்துபோய்ப் பதிலே சொல்லாமல் இருந்தால், "அவங்க வேண்டாம்னு சொல்லவே இல்லையே சார்" என்று எதிராளி சொல்வார். பத்துத் தடவை எடுத்துத் திட்டியிருந்தால், "பேசிக்கிட்டுதானே இருந்தாங்க" என்பார்.

ஆகவே ஒரே ஒரு பதில், எழுத்தில். வாட்ஸ்அப்பில் வந்தால் வாட்ஸ்அப்பில், கால் மட்டும் என்றால் எஸ்எம்எஸ்-இல்:

> நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் எண் என் சம்மதம் இல்லாமல் பகிரப்பட்டது. உங்களிடம் பேச எனக்கு விருப்பமில்லை. இனி அழைக்கவோ செய்தி அனுப்பவோ வேண்டாம்.

அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகு வரும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதி, நேரம், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்று எழுதச் சொல்லுங்கள். கால் பட்டியலையும் தினமும் இரவு ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், பழைய கால்கள் சில போன்களில் தானாக மறைந்துவிடும்.

பிளாக் செய்வதா என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கருத்து: ஒரு தடவை கூப்பிட்டவர்களை பிளாக் செய்யுங்கள். பதிலுக்குப் பிறகும் விடாமல் வருபவரைச் சில நாள் பிளாக் செய்யாமல் சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தால் அவர் அனுப்புவது வந்தே சேராது, சாட்சியும் சேராது. ஆனால் அதைப் பார்க்கவே பாதிக்கப்பட்டவரால் முடியவில்லை என்றால் தயங்காமல் பிளாக் செய்யட்டும். எந்த எண் எத்தனை தடவை அழைத்தது என்ற கணக்கைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து காவல்துறையால் வாங்க முடியும்.

எங்கள் விஷயத்தில் தொடர்ந்தவை இரண்டு எண்கள். ஒன்று இந்தப் பதில் போனதும் நின்றது. இன்னொன்று நான்கு நாளில் இருபத்தாறு தடவை வந்தது, பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல்.

அலுவலகம் செய்ய வேண்டியது

பெண் ஊழியர் என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்து போகும் வெளியாட்களால் வரும் தொல்லையிலிருந்தும் ஊழியரைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பெண் விரும்பினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க உதவுவதும் கடமைதான். எங்கள் மேலாளர் முதலில், "அது டீலர், நம்ம ஸ்டாஃப் இல்லையேம்மா" என்றார். 19-ஆம் பிரிவை அச்செடுத்து மேசையில் வைத்த பிறகு பேச்சு மாறியது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் பெரிய ஆயுதமாக நினைக்கிறார்கள். 2023-இல் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, ஆனால் நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தனிமனிதர் ஒருவர் தன் சொந்தத் தேவைக்காக வைத்திருக்கும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தவும் செய்யாது. நிர்வாகத்திடம் பேசும்போது அது உதவும், குரூப்பில் போட்ட ஆளிடம் அதைக் காட்டி மிரட்டினால் நிற்காது. அதேபோல் இன்னமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-யில் உள்ளே போட்டுவிடுவேன் என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இலேயே ரத்து செய்துவிட்டது.

காவல் நிலையம்

ஒரு எண்ணைச் சம்மதம் இல்லாமல் பகிர்ந்தது மட்டுமே என்றால், அதற்கென்று நேராக ஒரு குற்றப் பிரிவைக் காட்டுவது கடினம். அதனால்தான் போகும் இடத்தில் "என் நம்பரைப் போட்டுட்டாங்க" என்று ஆரம்பித்தால், "நம்பரை மாத்திக்கோங்கம்மா" என்று முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதில்தான் குற்றம் இருக்கிறது. வேண்டாம் என்ற பிறகும் தொடர்ந்த கால்களுக்கு 78. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கோடு எழுதிய வாசகத்துக்கு 79. மிரட்டல் என்றால் 351, இது ஆண்களுக்கும் பொருந்தும். படத்தை மார்ஃபிங் செய்தோ ஆபாசமாகவோ போட்டிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளும் சேரும். பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நடந்ததைச் சரியான வரிசையில் எழுதினால் போதும்.

எங்கள் மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

> மேற்படி படத்தில் என் பெயர், எண், தெரு ஆகியவை மட்டும் தனியாக வெட்டப்பட்டு ஆபாச வாசகத்துடன் பகிரப்பட்டுள்ளன (இணைப்பு 1). அதைத் தொடர்ந்து இணைப்பு 2-இல் உள்ள எண்ணிலிருந்து எனக்கு அழைப்புகள் வந்தன. விருப்பமில்லை என்று 18-ஆம் தேதி இரவு 9.05-க்கு எழுத்தில் தெரிவித்தேன் (இணைப்பு 3). அதன் பிறகும் 22-ஆம் தேதி வரை 26 முறை அழைத்துள்ளார் (இணைப்பு 4).

ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்து எண் போட்டு இணைத்தோம். போனை மாற்றவில்லை, ரீசெட் செய்யவில்லை. பின்னால் நீதிமன்றம் வரை போனால் மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது முதலில் பதிந்த அந்தப் போனே வேண்டியிருக்கும்.

நேரில் போகத் தயக்கம் என்றால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம், பெண்கள் சம்பந்தப்பட்ட புகாருக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. 1930 என்பது பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண், பணம் போகாத இந்த மாதிரிக்கு அது இரண்டாம் வழி. யாரிடமாவது பேசி வழி கேட்க வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181. நாங்கள் அவள் குடியிருக்கும் பகுதி நிலையத்துக்கே போனோம். எல்லை தங்களுடையது இல்லை என்று சொல்லிப் புகாரை வாங்க மறுக்க முடியாது, வாங்கிப் பதிந்துவிட்டு மாற்றி அனுப்ப வேண்டும். வெளியே வரும்போது சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருக்க வேண்டும். "பார்க்கறோம், போங்க" என்பது புகார் ஆகாது.

மூன்றாம் நாள் நிலையத்திலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சரக்கு புக்கிங் ஆள். படத்தை வெட்டியவரும் அவர்தான் என்று ஒப்புக்கொண்டார். அவள் வழக்காகக் கொண்டு போக விரும்பவில்லை. இனி தொடர்புகொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்கி, அதன் நகலை எங்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை, ஆனால் முடிவு அவளுடையது.

போட்டவர் நீங்களே என்றால்

குரூப்பில் நீளமாக மன்னிப்புக் கேட்காதீர்கள். Message info, அப்புறம் Delete for everyone, அப்புறம் உரியவருக்கு ஒரு கால். "நான்தான் போட்டேன், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இருந்தது, இத்தனை பேர் பார்த்திருக்காங்க" என்று உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள். எங்கள் தம்பி முதலில், "ரெண்டு நிமிஷம்தான்க்கா இருந்துச்சு" என்றார். இருந்தது இரண்டே முக்கால் மணி நேரம். அவள் அவரை மன்னித்தது படம் போட்டதற்காக. அந்த இரண்டு நிமிஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தாள்

திங்கட்கிழமை காலை அதைக் கிழித்தோம். இப்போது செக்யூரிட்டி மேசையில் பெயரும் இன்டர்காம் எண்ணும் மட்டும் இருக்கின்றன. அவசரத் தொடர்பு எண்கள் ஆளுக்கு ஒரு ஒட்டிய உறையில், அலுவலக அலமாரியில், மேலே பெயரும் ரத்த வகையும் மட்டும் எழுதி. பிறந்த தேதி எதற்கு அந்தத் தாளில் இருந்தது என்று விசாரித்தால், கேக் வாங்க. அதற்கு இப்போது நாளும் மாதமும் மட்டும் ஒரு நோட்டில் இருக்கின்றன, ஆண்டு இல்லை.

அவள் எண்ணை மாற்றவில்லை. டீலர்களோடு பேச அலுவலகம் ஒரு சிம்மும் பழைய பட்டன் போன் ஒன்றும் கொடுத்தது. ஆறு மணிக்கு அதை அணைத்து மேசை டிராயரில் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள்.